ஒரு தண்ணீர் கேன், மூன்று விலைகள்

ஒரு சிறிய ஊர். குழாய்த் தண்ணீர் உவர்ப்பதால் வீடுகளில் 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள். தண்ணீரைச் சுத்திகரிக்க, மின்கட்டணம் கட்ட, கேனைக் கழுவ, லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு வீடு இறக்க, எல்லாம் சேர்த்து ஒரு கேனுக்கு 20 ரூபாய் செலவு. தொழிலில் இருப்பவருக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய வருமானமும் அந்த 20 ரூபாய்க்குள்ளேயே அடக்கம்.

வாங்குவோரின் பக்கம் இப்படி: கேன் 140 ரூபாய் என்றால் யாரும் வாங்குவதில்லை. விலையில் ஒரு ரூபாய் குறைந்தால் நாளைக்கு ஒரு கேன் கூடுதலாக விற்கும். 100 ரூபாய்க்கு 40 கேன், 80 ரூபாய்க்கு 60 கேன், 20 ரூபாய்க்கு 120 கேன். கணக்கு எளிதாக வர வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த எண்கள் இவை.

தண்ணீரை வைத்து இந்தக் கணக்கைத் தொடங்கியவர் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் அகுஸ்தன் கூர்னோ. 1838இல் வெளியான தம் நூலில், இரண்டு கனிம நீரூற்றுகளின் உரிமையாளர்கள் ஒரே சந்தையில் விற்றால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். நாமும் அதே வழியில் போவோம். தண்ணீரும் செலவும் வாங்குவோரும் மாறப் போவதில்லை. விற்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

நிறைவுப் போட்டி: விலையை யாரும் வைப்பதில்லை

ஊரில் எண்ணற்ற சிறு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். எல்லார் கேனும் ஒரே தரம். யார் என்ன விலைக்கு விற்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். புதிதாக ஒருவர் தொழிலுக்கு வரவும், இருப்பவர் விலகவும் தடையில்லை. இந்த நான்கும் சேர்ந்தால் அது நிறைவுப் போட்டி.

இங்கே ஒருவர் 25 ரூபாய் கேட்டால் வாடிக்கையாளர் அடுத்தவரிடம் போய்விடுவார். ஊர் முழுக்கவே 25 ரூபாய் நிலவினால், கேனுக்கு 5 ரூபாய் கூடுதல் லாபம் இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் வருவார்கள். கேன்கள் பெருகும், விலை இறங்கும். 20 ரூபாய்க்குக் கீழே போனால் சிலர் தொழிலை விடுவார்கள், விலை ஏறும். கடைசியில் விலை 20 ரூபாயில் வந்து நிற்கும், 120 கேன் விற்கும். தனி ஒருவர் தம் விற்பனையைக் கூட்டினாலும் குறைத்தாலும் சந்தை விலை அசையாது. அவர் விலையை ஏற்பவர், வைப்பவர் அல்லர்.

கோயம்பேடு சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயி இதற்கு மிக அருகில் இருக்கிறார். அன்றைய வரத்தும் தேவையும் சேர்ந்து விலையைத் தீர்மானிக்கின்றன; அவருடைய பத்துப் பெட்டி அதை மாற்றுவதில்லை.

முற்றுரிமை: 61ஆவது கேனை ஏன் விற்பதில்லை?

இப்போது ஊரில் ஒரே ஒரு தண்ணீர் நிலையம். வேறு யாரும் வர முடியாது. அந்த முதலாளி 139 ரூபாய் வைப்பாரா? வைக்க மாட்டார், அந்த விலைக்கு ஒரு கேன்தான் போகும். முற்றுரிமையாளருக்கும் வாங்குவோரின் மனம் ஒரு கட்டுதான். அவர் செய்வது வேறு கணக்கு.

59 கேன் விற்க விலை 81 ரூபாய் வைக்க வேண்டும். வரவு 4,779 ரூபாய். 60 கேன் விற்க விலை 80, வரவு 4,800. ஆக 60ஆவது கேன் கொண்டுவந்த கூடுதல் வரவு 21 ரூபாய். அதன் செலவு 20. ஒரு ரூபாய் மிச்சம், விற்கலாம். 61 கேன் விற்க விலையை 79 ஆக்க வேண்டும், வரவு 4,819. கூடுதல் வரவு 19 ரூபாய், செலவு 20. விற்றால் நட்டம். ஆகவே 60 கேனில் நிறுத்திவிடுவார்.

61ஆவது கேனை 79 ரூபாய்க்கு விற்றும் 19 ரூபாய்தான் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். மீதி 60 ரூபாய் எங்கே போனது? முன்பு 80 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்த 60 கேன்களும் இப்போது 79க்குப் போகின்றன. கேனுக்கு ஒரு ரூபாய் வீதம் 60 ரூபாய் இழப்பு. ஒரு கேனைக் கூட்டி விற்பதால் மொத்த வரவில் சேரும் தொகையை இறுதிநிலை வருவாய் என்கிறோம். அது இறுதிநிலைச் செலவுக்குச் சமமாகும் இடத்தில் முற்றுரிமையாளர் நிற்கிறார்.

விளைவு: விலை 80 ரூபாய், விற்பனை 60 கேன், லாபம் நாளைக்கு 3,600 ரூபாய். வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் முதலாளிக்குப் போகிறது. அது கைமாறிய பணம். உண்மையான சமூக இழப்பு, விற்காமல் போன 60 கேன்களில் இருக்கிறது. 79 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தவர், 50 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தவர், 21 ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தவர் என எல்லாரும் செலவைத் தாண்டிய மதிப்பை அந்தக் கேனுக்குத் தருகிறார்கள். ஆனாலும் அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் போகவில்லை. இந்த இழப்பைக் கூட்டினால் நாளைக்கு 1,800 ரூபாய் அளவுக்கு வரும். அது யார் கைக்கும் போகாமல் மறைந்துவிடும் நன்மை.

இருவர் வந்தால்: அடுத்தவர் என்ன செய்வார்?

மேலத்தெருவில் ஒரு நிலையம், கீழத்தெருவில் ஒரு நிலையம். இதுதான் சில்லோர் முற்றுரிமையின் மிகச் சிறிய வடிவம். முதல் இரண்டு சந்தைகளிலும் யாரும் இன்னொருவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நிறைவுப் போட்டியில் ஆள் அதிகம், ஒருவரால் எதுவும் அசையாது; முற்றுரிமையில் இன்னொருவரே இல்லை. இங்கேதான் எதிராளியின் அடுத்த அடி நம் லாபத்தை முடிவு செய்கிறது.

இருவரும் கைகோத்து ஒரே முதலாளிபோல நடந்தால், ஆளுக்கு 30 கேன், விலை 80 ரூபாய், லாபம் ஆளுக்கு 1,800 ரூபாய். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலத்தெருக்காரர் 31ஆவது கேனைப் பற்றி யோசிக்கிறார். அதை விற்றால் ஊர் விலை 79 ஆகும். அவருடைய வரவு 2,400இலிருந்து 2,449 ஆகும். கூடுதல் 49 ரூபாய், செலவு 20 மட்டும். விற்கத் தூண்டுகிறது. ஏன்? விலை ஒரு ரூபாய் இறங்கியதால் ஏற்பட்ட 60 ரூபாய் இழப்பில் பாதி, அதாவது 30 ரூபாய், கீழத்தெருக்காரர் தலையில் விழுகிறது. முற்றுரிமையாளர் முழு இழப்பையும் தாமே சுமந்தார். இவர் பாதியைத்தான் சுமக்கிறார்.

இப்படி இருவரும் யோசித்துக் கூட்டிக்கொண்டே போனால் எங்கே நிற்பார்கள்? ஆளுக்கு 40 கேனில். எதிராளி 40 விற்கும்போது நம் 40ஆவது கேன் 21 ரூபாய் தரும், 41ஆவது கேன் 19 ரூபாய்தான் தரும். விலை 60 ரூபாய், லாபம் ஆளுக்கு 1,600 ரூபாய். கூர்னோ கண்ட சமநிலை இதுதான்.

ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு படிக்கட்டு தெரியும். இந்த ஊரில் கூர்னோ முறைப்படி விலை என்பது 20 ரூபாயோடு, 120ஐ ‘விற்பவர் எண்ணிக்கை கூட்டல் ஒன்று’ கொண்டு வகுத்தால் வருவதைச் சேர்ப்பது.

| விற்பவர்கள் | விலை (ரூ.) | மொத்த விற்பனை (கேன்) |
|---|---|---|
| 1 | 80 | 60 |
| 2 | 60 | 80 |
| 3 | 50 | 90 |
| 5 | 40 | 100 |
| 11 | 30 | 110 |
| 119 | 21 | 119 |

முற்றுரிமையும் நிறைவுப் போட்டியும் ஒரே படிக்கட்டின் இரு முனைகள். முதல் சில படிகளில்தான் விலை வேகமாக இறங்குகிறது என்பதையும் பாருங்கள். ஒருவரோடு இரண்டாமவர் சேர்ந்தால் 20 ரூபாய் குறைகிறது. ஐந்து பேர் பதினொன்றாகப் பெருகினால் 10 ரூபாய்தான் குறைகிறது.

ஓர் எச்சரிக்கை. இவர்கள் எத்தனை கேன் நிரப்புவது என்பதில் போட்டி போடுவதாகக் கூர்னோ கொண்டார். 1883இல் ஜோசப் பெர்த்ராண்ட் இதை மறுத்தார்: விலையை வெட்டிப் போட்டி போட்டால் இருவரே போதும், விலை 20க்கு வந்துவிடும் என்றார். கேன் நிரப்பும் திறன் இருவரிடமும் தாராளமாக இருந்தால் பெர்த்ராண்ட் சொன்னது நடக்கும். இயந்திரத்தின் கொள்ளளவை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு அதற்குள் ஓட வேண்டியிருந்தால் கூர்னோ கணக்கே பொருந்தும்.

பலன் அட்டவணை: வாக்கு ஏன் நிற்பதில்லை?

இருவரும் ஓர் இரவு சந்தித்து, ‘ஆளுக்கு 30 கேனுக்கு மேல் விற்பதில்லை’ என்று பேசி முடிக்கிறார்கள். விடிந்ததும் ஒவ்வொருவருக்கும் இரண்டு வழிகள்: 30 விற்று வாக்கைக் காப்பது, 40 விற்று மீறுவது. நான்கு முடிவுகள் சாத்தியம். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் மேலத்தெருக்காரரின் அன்றைய லாபம், இரண்டாவது கீழத்தெருக்காரருடையது.

| | கீழத்தெரு 30 | கீழத்தெரு 40 |
|---|---|---|
| மேலத்தெரு 30 | 1,800 ; 1,800 | 1,500 ; 2,000 |
| மேலத்தெரு 40 | 2,000 ; 1,500 | 1,600 ; 1,600 |

ஒரு கட்டத்தைச் சரிபார்ப்போம். மேலத்தெரு 40, கீழத்தெரு 30 என்றால் மொத்தம் 70 கேன், விலை 70 ரூபாய், கேனுக்கு 50 ரூபாய் லாபம். மேலத்தெருவுக்கு 2,000, கீழத்தெருவுக்கு 1,500.

இந்த அட்டவணையைப் படிக்க ஒரு முறை உண்டு. எதிராளியின் ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு, நம் இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும். கீழத்தெருக்காரர் 30 விற்றால் மேலத்தெருக்காரருக்கு 1,800ஆ 2,000ஆ? 2,000, மீறலாம். கீழத்தெருக்காரர் 40 விற்றால் 1,500ஆ 1,600ஆ? 1,600, அப்போதும் மீறலாம். எதிராளி எதைச் செய்தாலும் மீறுவதே மேல். கீழத்தெருக்காரரும் இதே கணக்கைப் போடுவார். இருவரும் 1,600 ரூபாய்க் கட்டத்தில் வந்து விழுவார்கள், பக்கத்திலேயே 1,800 ரூபாய்க் கட்டம் இருந்தும்.

யார் தனியாக மாறினாலும் தமக்கே நட்டம் என்ற நிலையில் இருக்கும் இந்தக் கட்டத்தை, 1950இல் அதை நிறுவிய ஜான் நாஷின் பெயரால் நாஷ் சமநிலை என்கிறார்கள். இந்த வகை ஆட்டத்துக்குக் கைதிகளின் சிக்கல் என்று பெயர்.

ஆனால் தண்ணீர் வியாபாரம் ஒரு நாளில் முடிவதில்லை. நாளையும் அதே இருவர்தான். இன்று மீறினால் 200 ரூபாய் கூடுதல். மறுநாள் முதல் எதிராளியும் 40க்குப் போய்விடுவார். அதன்பின் நாள்தோறும் 200 ரூபாய் குறையும். ஒரு நாள் ஆதாயத்துக்கு எத்தனை நாள் இழப்பு என்று எண்ணத் தொடங்கினால் வாக்கைக் காப்பதே லாபம் என்று தெரிந்துவிடும். சதி நிலைப்பது நட்பால் அல்ல, இந்தக் கணக்கால்.

அது எப்போது உடையும் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒருவர் தொழிலை விற்றுவிட்டுப் போகப் போகிறார் என்றால் நாளைய இழப்பு அவருக்குப் பொருட்டில்லை. விற்பவர் எண்ணிக்கை கூடினால், விலை இறங்கும் இழப்பில் தம் பங்கு சிறிதாகி மீறும் ஆசை பெரிதாகும். யார் எவ்வளவு விற்கிறார் என்று தெரியாமல் போனால் மீறியவரைக் கண்டுபிடிக்கவே முடியாது.

முறிந்த தேவைக் கோடு: விலை ஏன் அசைவதில்லை?

இனி இருவரும் விலை வைத்துப் போட்டி போடுவதாகக் கொள்வோம். விலை 60 ரூபாய், ஆளுக்கு 40 கேன், லாபம் 1,600. சில்லோர் சந்தைகளில் விலை நெடுநாள் ஒரே இடத்தில் நிற்பதற்கு 1939இல் இரண்டு தரப்பினர் தனித்தனியாக ஒரே விளக்கத்தைத் தந்தார்கள்: அமெரிக்காவில் பால் சுவீஸி, ஆக்ஸ்போர்டில் ஹாலும் ஹிட்சும். அவர்களின் அனுமானம் இது: நான் விலையை ஏற்றினால் எதிராளி ஏற்ற மாட்டார், நான் இறக்கினால் அவரும் உடனே இறக்குவார்.

மேலத்தெருக்காரர் 64 ரூபாய் வைக்கிறார். கீழத்தெருக்காரர் 60இலேயே நிற்கிறார். வாடிக்கையாளர் பலர் தெரு மாறுகிறார்கள். ஒரு ரூபாய் ஏற்றத்துக்கு மூன்று கேன் வீதம் விற்பனை 28 ஆகிறது. லாபம் 1,232 ரூபாய். சரி, 56க்கு இறக்குகிறார் என்று வைப்போம். கீழத்தெருக்காரரும் 56க்கு வருகிறார். ஊரில் மொத்தம் 84 கேன் விற்கும், ஆளுக்கு 42. லாபம் 1,512. ஏற்றினாலும் இறக்கினாலும் 1,600இலிருந்து கீழே.

இதை வரைபடமாகப் போட்டால், 60 ரூபாய்க்கு மேலே தேவைக் கோடு படுத்தாற்போலச் சாயும். கீழே செங்குத்தாக இறங்கும். 60இல் ஒரு முறிவு. அந்த முறிவில் இறுதிநிலை வருவாய்க் கோடு அறுபட்டு நிற்கும். நம் எண்களில் மேல்முனை சுமார் 47 ரூபாய். கீழ்முனை பூஜ்யத்துக்கும் கீழே. இடைவெளிக்குள் செலவு எங்கே இருந்தாலும் 60 ரூபாயே சிறந்த விலை. டீசல் விலை ஏறிக் கேன் செலவு 30 ரூபாய் ஆனால்? 60இலேயே நின்றால் லாபம் 1,200. 64 ஆக்கினால் 952. 56 ஆக்கினால் 1,092. விலை அசையாது. செலவு சுமார் 47 ரூபாயைத் தாண்டினால்தான் விலை ஏறும்.

இதே 10 ரூபாய்ச் செலவு உயர்வை மற்றச் சந்தைகளிலும் போட்டுப் பார்த்தால் ஒப்பீடு தெளிவாகும். நிறைவுப் போட்டியில் விலை 20இலிருந்து 30 ஆகும். முழு 10 ரூபாயும் ஏறும். முற்றுரிமையில் 80இலிருந்து 85, பாதிதான் ஏறும். முறிந்த தேவைக் கோட்டில் ஏற்றமே இல்லை. விலை ஏறவில்லை என்பதால் அந்தச் சந்தையில் போட்டி கடுமையாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

இந்தக் கோட்பாட்டுக்கு இரண்டு பெரிய குறைகள். ஒன்று, விலை ஏன் 60இல் நிற்கிறது என்று சொல்கிறதே தவிர, முதலில் எப்படி 60க்கு வந்தது என்று சொல்வதில்லை. இரண்டு, எதிராளி விலையேற்றத்தைப் பின்தொடர மாட்டார் என்பது எப்போதும் உண்மையல்ல. 1947இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் அமெரிக்கச் சந்தைகளின் விலைப் பதிவுகளை ஆராய்ந்து, ஒருவர் ஏற்றினால் மற்றவர்களும் ஏற்றிய நிகழ்வுகளைக் காட்டினார். நம் ஊரிலும் கணக்கு அதையே சொல்கிறது: இருவரும் 64க்கு ஏறினால் 76 கேன் விற்கும், ஆளுக்கு 38, லாபம் 1,672. சேர்ந்து ஏறுவது இருவருக்கும் நல்லது.

2024இல் இந்தியா முழுவதும் இதைப் பார்த்தது. ஜூன் 27 அன்று ஜியோ கைபேசிக் கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாளே ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் அறிவித்தன. ஜூலை முதல் வாரத்தில் மூன்றின் உயர்வும் நடைமுறைக்கு வந்தது. உயர்த்தாமல் நின்ற பிஎஸ்என்எல்லுக்கு அடுத்த சில மாதங்களில் வாடிக்கையாளர்கள் கூடினார்கள். ஏற்றத்தைப் பின்தொடராதவருக்கு ஆள் சேரும் என்பதில் சுவீஸி சொன்னது சரி. எல்லாருமே பின்தொடராமல் இருப்பார்கள் என்பது உண்மையல்ல என்பதில் ஸ்டிக்லரே சரி. முன்னணி நிறுவனம் ஒன்று அறிவிக்க, மற்றவை தொடர்வதை விலைத் தலைமை என்பார்கள். அவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்ததற்குச் சான்று இல்லாதவரை அது சட்டப்படி குற்றமும் ஆகாது.

சட்டம் அட்டவணையை மாற்றும் விதம்

கூடிப் பேசி விலை வைப்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. சதி நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு, அல்லது விற்றுமுதலில் பத்து விழுக்காடு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். சதிகாரர்களைப் பிரிப்பது இன்னொரு விதி: முதலில் வந்து முக்கியச் சான்றோடு உண்மையைச் சொல்பவருக்கு முழு அபராதமும் தள்ளுபடி ஆகலாம், இரண்டாமவருக்கு 50 விழுக்காடு வரை, மூன்றாமவருக்கு 30 விழுக்காடு வரை.

இது பலன் அட்டவணையில் ஒரு புதிய வரிசையைச் சேர்க்கிறது. இருவரும் வாய் மூடியிருந்தால் 1,800 தொடரும். ஆனால் ஒருவர் முந்திக்கொண்டு சொன்னால் அவர் தப்பிப்பார். மற்றவர் முழு அபராதத்தில் மாட்டுவார். ‘அவர் சொல்லிவிடுவாரோ’ என்ற அச்சம் வந்த கணமே, முதலில் சொல்வதுதான் பாதுகாப்பு. சதியைக் காத்த அதே கணக்கு இப்போது சதியை உடைக்கிறது.

2021 செப்டம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் பீர் நிறுவனங்கள் மீது பிறப்பித்த உத்தரவு இதற்கு நேரான சான்று. யுனைடெட் புரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா ஆகியவை உள்ளிட்டோர் மீது மொத்தம் 873 கோடி ரூபாய் அளவில் அபராதம் விழுந்தது. முதலில் தகவல் தந்த ஏபி இன்பெவ் நிறுவனத்துக்கு முழுத் தள்ளுபடி கிடைத்தது. பின்னால் வந்த மற்ற இரண்டும் முறையே 40, 20 விழுக்காடு குறைப்புதான் பெற்றன.

ஒரு சந்தையை எடைபோட விரும்பினால் கடைகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: புதிதாக ஒருவர் நாளை உள்ளே வர முடியுமா? செலவு ஏறி இறங்கும்போது விலை அதோடு நகர்கிறதா? ஒருவர் ஏற்றினால் மற்றவர்கள் அதே வாரத்தில் ஏற்றுகிறார்களா? முதலிரண்டு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்றும், மூன்றாவதற்கு ‘ஆம்’ என்றும் விடை வந்தால், அங்கே விற்பவர்கள் பலராக இருந்தாலும் நீங்கள் கொடுப்பது போட்டி விலை அல்ல.